போட்ட மார்க்கை மாற்றக் கூடாது

சிவநந்தினிக்கு மூன்றாவது தடவையும் இருபத்தைந்துக்கு ஒன்பதுதான் கிடைத்தது. போட்டவள் யாரோ பகையாளி என்றால் மனசுக்குள் நாலு திட்டுத் திட்டிவிட்டு எழுந்து போய்விடலாம். போட்டவள் டிலுக்ஷி. ஆறு மாதம் ஒரே வாங்கில் உட்கார்ந்து, ஒரே சோற்றுப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்ட தோழி. அவளிடம் எங்கே போய்க் கோபித்துக்கொள்வது?

"மொகத்த அப்படி வச்சுக்காத," என்றாள் டிலுக்ஷி. "ஒனக்கா மார்க் போட்டேன்? ஒன் பதிலுக்குப் போட்டேன்."

மாத்தளை நகரத்துக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கிற அறை அது. சனிக்கிழமை பிற்பகல்களில் சும்மா கிடக்கும். டிலுக்ஷி சிஸ்டரிடம் கேட்டுப் பூட்டுத் திறப்பை வாங்கியிருந்தாள். சின்னப் பிள்ளைகளின் மேசைகள் இரண்டை எதிரெதிரே போட்டு, ஒரு பக்கம் நேர்முகம் நடத்துகிறவர், மறு பக்கம் வேலைக்கு வந்தவர் என்று இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் உண்மையான நேர்முகம். ரிசப்ஷனுக்கு இரண்டு பேர் வேண்டும், இவர்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒருத்திக்குக் கிடைத்தால் மற்றவளுக்குக் கிடைக்காது என்கிற சங்கடம்கூட இல்லை.

மார்க் போடுகிற தாள் அவர்கள் படித்த ஹோட்டல் கோர்ஸில் நுஹ்மான் சேர் கொடுத்தது. ஐந்து கட்டம். கேள்விக்கு நேராகப் பதில் வந்ததா. குறிப்பான ஒரு சம்பவம் சொல்லப்பட்டதா, எங்கே, எப்போது. அதில் சொன்னவருடைய பங்கு என்ன. என்ன முடிவு வந்தது, அதற்குப் பிறகு என்ன செய்தார். கடைசியாகக் குரல், பார்வை, நேரம். ஒவ்வொன்றுக்கும் ஐந்து மார்க். ஐந்து என்றால் மேற்கொண்டு கேட்க ஒன்றுமில்லை. மூன்று என்றால் பதில் இருக்கிறது, ஆனால் கேட்டுக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒன்று என்றால் பதில் வந்ததும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான்.

தாளின் அடியில் மூன்று விதி. மார்க்கை எழுதிவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும். ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் சொல்ல வேண்டும். போட்ட மார்க்கை மாற்றக் கூடாது. அழுதாலும் சரி, கெஞ்சினாலும் சரி. சிநேகிதிகள் ஒருத்திக்கு ஒருத்தி ஐந்து ஐந்தாக அள்ளிக் கொடுத்துவிட்டு, நேர்முகத்தில் போய் முழிக்கிற கூத்தை நுஹ்மான் சேர் நிறையப் பார்த்திருக்கிறார். அதனால்தான் அந்த விதி. கோர்ஸில் அதை எழுத்துக்கு எழுத்து மதித்தவள் டிலுக்ஷி ஒருத்திதான். முதலில் தமிழில் சொல்லி விஷயத்தைச் சரிபார்ப்பது, பிறகு இங்கிலீஷில் சொல்வது என்பதும் அவள் போட்ட திட்டம்தான்.

மற்றக் கேள்விகளுக்கெல்லாம் சிவநந்தினி பதினெட்டு, பத்தொன்பது என்று வாங்கிவிட்டாள். இந்த ஒரே கேள்விதான் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது. முன்பு வேலை செய்த இடத்தில் நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்.

"ஒரு நாள் ரெண்டு பேஷண்டுக்கு ஒரே நம்பரக் குடுத்துட்டேன்னு சொல்ற," என்றாள் டிலுக்ஷி, தாளைப் பார்த்துக்கொண்டே. "என்னைக்கு? யாரு அந்த ரெண்டு பேரு? அவங்க என்னா சொன்னாங்க, நீ என்னா சொன்ன? ஒன்னுமே இல்ல. சம்பவத்துக்கு ஒன்னு. ஒன் பங்கு, அதுவும் ஒன்னு. 'அப்படி ஆயிருச்சு'ங்கிற. தானா ஆகுமா? நீ என்னா செஞ்ச? முடிவுக்கும் ஒன்னு. மன்னிப்புக் கேட்டேன், சரியாயிருச்சுன்னு முடிச்சிட்ட. நேராப் பதில், மூனு. குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கேள்வி வந்தா மட்டும் நீ மேசையப் பாக்குற. அதுக்கும் மூனு."

"அவ்வளவுதான் நடந்துச்சு. இல்லாததச் சொல்லச் சொல்றியா?"

"இருக்கிறதச் சொல்லுன்னுதான் சொல்றேன். நீ ஒரு வருசத்துக்கு மேல செனலிங் சென்டர்ல கவுண்டர்ல இருந்தவ. இதவிட ஒரு தப்பும் நடக்கல்லயா?"

நடந்தது. நடந்ததை இவளைத் தவிர உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். அதுதான் சிவநந்தினியின் கதி.

சிவநந்தினி இருந்த செனலிங் சென்டர், நகரத்தில் விசேட வைத்தியர்கள் வந்து பார்க்கிற ஒரு தனியார் இடம். நகரத்தில் அப்படி நாலைந்து உண்டு, எது என்று டிலுக்ஷி கேட்டதுமில்லை, இவள் சொன்னதுமில்லை. நோயாளிகள் ஃபோனில் நம்பர் போடுவார்கள், வந்ததும் கவுண்டரில் பெயரைச் சொல்லி உட்காருவார்கள். வியாழக்கிழமை நாலு மணிக்கு நெஞ்சு டொக்டர் கண்டியிலிருந்து வருவார். முப்பது பேரைத்தான் பார்ப்பார். நம்பர் தவறிவிட்டால் கடைசியில்தான். இது அந்த இடத்துச் சட்டம். சிவநந்தினி போட்ட சட்டமில்லை.

போன வருடம் ஒக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, பதினாலாம் நம்பர் உள்ளே இருக்கும்போது ஒரு மனிதர் வியர்த்துக் கொட்டிக்கொண்டு வந்து நின்றார். ஒன்பதாம் நம்பர் என்றார். ஒன்பது போய்விட்டது, கடைசியில்தான் பார்ப்பார், உட்காருங்கள் என்றாள். "நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு புள்ள" என்றார் அவர். அங்கே வருகிற அத்தனை பேரும் நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று சொல்லித்தான் வருகிறார்கள். முன்னால் போவதற்கும் அதையேதான் சொல்கிறார்கள். அவள் உள்ளே இருந்த நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முக்கால் மணி நேரம் சுவரோரக் கதிரையில் இருந்தவர், எப்போதோ எழுந்து போய்விட்டார். காத்திருந்து டொக்டரைப் பார்க்காமலே போகிறவர்களைக் கம்ப்யூட்டரில் 'வரவில்லை' என்று போடுவது வழக்கம். போட்டாள். ஆறரை மணிக்கு யாரோ ஒரு பெண் ஃபோன் எடுத்து, ஒன்பதாம் நம்பர் வந்தாரா என்று கேட்டாள். சிவநந்தினி திரையைப் பார்த்து, "வரல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த மனிதர் பஸ் ஸ்டாண்டில் எல்கடுவை பஸ் நிற்கிற இடத்தில் விழுந்து இறந்துபோனது மறுநாள்தான் அவளுக்குத் தெரிந்தது. மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். "லிஸ்ட்ல வரல்லன்னுதானே இருக்கு? அப்ப வரல்ல" என்றார் அவர். மூன்று வாரத்தில் வேலையை விட்டாள். ஹோட்டல் கோர்ஸில் சேர்ந்தாள். கோர்ஸின் இரண்டாவது வாரம், பக்கத்து வாங்குக்காரி தன் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்த ஞாபகார்த்த அட்டை கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தவள், படத்தில் அந்த முகத்தைப் பார்த்தாள். ம. பஸ்தியாம்பிள்ளை. டிலுக்ஷியின் அப்பா.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்கு என்று ஒத்திப்போட்டாள், அந்த நாளைக்கு வருவதற்குள் இரண்டு பேரும் தோழிகளாகிவிட்டார்கள். பிறகு எப்படிச் சொல்வது? பாவி, எட்டு மாதம் சொல்லாமலே அவளோடு பழகினாள்.

"சரி, மாறுவோம்," என்று டிலுக்ஷி எழுந்தாள். "அதே கேள்விய என்கிட்ட கேளு. எப்படிச் சொல்றதுன்னு பாரு."

கதிரை மாறினார்கள். சிவநந்தினி புதுத் தாள் ஒன்றை எடுத்துப் பெயரும் தேதியும் எழுதி, ஃபோனில் இரண்டு நிமிடம் வைத்தாள்.

"நீங்க செஞ்ச ஒரு தவறைச் சொல்லுங்க."

டிலுக்ஷி நிமிர்ந்து உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். பார்வை நேராக வந்தது.

"நான் நாலந்தாப் பக்கம் ஒரு ஸ்பைஸ் கார்டன்ல காசாளரா இருந்தேன். போன வருசம் ஒக்டோபர் மாசம், ஒரு வியாழக்கிழமை. ஹோட்டல் கோர்ஸுக்கு விண்ணப்பம் குடுக்கக் கடைசி நாள் அதுதான். சான்றிதழ் கொப்பிகள் சரின்னு ஜேபி, அதான் சமாதான நீதவான், கையெழுத்து வாங்கி, நாலு மணிக்கு முன்னால கோர்ஸ் ஒஃபிஸ்ல குடுக்கணும். அத நான் முந்தின வாரமே செஞ்சிருக்கலாம். இன்னைக்கு, நாளைக்குன்னு வச்சிட்டேன். அன்னைக்கு எனக்கு லீவு தரல்ல. எங்க அப்பா அன்னைக்கு நெஞ்சு டொக்டரப் பாக்க டவுனுக்கு வர இருந்தாரு. நம்பரும் நான்தான் போட்டுக் குடுத்தேன், ஒன்பதாம் நம்பர். அவர்கிட்ட, போற வழியில இதக் குடுத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்."

சிவநந்தினியின் பேனை தாளின் மேல் நின்றது. இந்தக் கேள்விக்கு டிலுக்ஷி இதைச் சொல்வாள் என்று அவள் நினைக்கவேயில்லை. அப்பா பஸ் ஸ்டாண்டில் இறந்தார் என்பதற்கு மேல் டிலுக்ஷி ஒருநாளும் பேசியதில்லை.

"ஜேபி வீட்டுல இல்ல. அவர் வர்ற வரைக்கும் அப்பா வெயில்ல நின்னிருக்காரு. அப்புறம் அங்கயிருந்து ஒஃபிஸுக்கு மேட்டுல நடந்து போய்க் குடுத்திருக்காரு. அங்க மூனு அம்பதுன்னு நேரம் போட்டு ரசீது குடுத்திருக்காங்க, அது அவர் பையில இருந்துச்சு. அதுக்கப்புறம் அவரால டொக்டர்கிட்டப் போக முடியல்ல. நான் செனலிங் சென்டருக்கு ஃபோன் எடுத்துக் கேட்டேன், வரல்லன்னு சொன்னாங்க. பஸ் ஸ்டாண்ட்லயே விழுந்துட்டாரு. நான் அந்த வேலைய அவர் தலையில கட்டாம இருந்தா அவர் நாலு மணிக்கு டொக்டர் முன்னால இருந்திருப்பாரு. அப்புறம் அந்தக் கோர்ஸுக்குக் கடைசித் தேதிய ஒரு மாசம் தள்ளிப் போட்டாங்க. அந்தக் கடதாசிக்கு அன்னைக்கு ஒரு அவசரமும் இருக்கல்ல."

அந்த நீட்டிப்பில்தான் சிவநந்தினி கோர்ஸில் சேர்ந்தாள்.

"அதுலயிருந்து நான் என் வேலைய இன்னொருத்தர் கையில குடுக்கிறதில்ல. நாளைக்குன்னு ஒன்னையும் வைக்கிறதில்ல. என் தப்புக்கு வேற யாரையும் காரணம் சொல்றதுமில்ல. எங்க அம்மா என்கிட்ட இன்னும் முகங்கொடுத்துப் பேசுறதில்ல. அதுல ஞாயம் இருக்கு. நான் ஏத்துக்கிட்டேன்."

ஃபோன் அடித்தது. இரண்டு நிமிடம் சரியாக முடிந்திருந்தது.

"கடைசியில அம்மா கதைய வெட்டிரலாம்," என்றாள் டிலுக்ஷி. எத்தனை இரவு இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாளோ, தேய்ந்து வழவழப்பாக வந்தது. "ஹோட்டல்ல சொல்ல அதெல்லாம் அதிகந்தான். மத்தபடி எப்படி? எழுது. பேசாம எழுது."

சிவநந்தினி எழுதினாள். நேராகப் பதில், ஐந்து. எங்கே, எப்போது, ஐந்து. குரல், பார்வை, நேரம், ஐந்து. நடுவில் இரண்டு கட்டம் வெறுமையாகக் கிடந்தன. சொன்னவருடைய பங்கு. முடிவு.

ஐந்து போட்டுவிட்டால் முடிந்தது. இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. திங்கட்கிழமை டிலுக்ஷி அதையே சொல்லி வேலையையும் வாங்கிவிடுவாள். வாழ்நாள் முழுக்க யார் கேட்டாலும் அதையே சொல்வாள், அப்பாவைக் கொன்றது நான்தான் என்று, கையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை நேராகப் பார்த்து. அதற்கு ஐந்து மார்க் போட்டவள் சிவநந்தினியாக இருப்பாள். 'வரல்லீங்க' என்று சொன்னதைவிட அது பெரிய பாவம் என்று அவளுக்குத் தோன்றியது. ஃபோனில் சொன்னபோது தெரியாமல் சொன்னாள். இப்போது தெரிந்தே எழுதப் போகிறாள்.

பங்கு என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டாள். முடிவுக்கும் ஒன்று போட்டாள். தாளைத் திருப்பி டிலுக்ஷியின் பக்கம் தள்ளினாள்.

டிலுக்ஷி பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

"பங்குக்கு ஒன்னா? இதுக்கு மேல எப்படிடி சொல்றது? நான்தான் அனுப்பினேன், நான்தான் தள்ளிப் போட்டேன்னு எல்லாத்தையும் சொல்லிட்டேனே. பழி வாங்குறியா, ஒனக்கு ஒன்பது போட்டதுக்கு?"

"இல்ல."

"அப்ப காரணம் சொல்லு. விதி அதுதானே. சொல்லு."

"ஒன் அப்பா டொக்டர்கிட்ட வந்தாரு," என்றாள் சிவநந்தினி.

டிலுக்ஷிக்கு விளங்கவில்லை. "என்னா?"

"வந்தாரு. பதினாலாம் நம்பர் உள்ள இருக்கிறப்ப வந்தாரு. நான்தான் கவுண்டர்ல இருந்தேன். லேட்டாயிருச்சு, கடைசியிலதான்னு சொன்னேன். நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குன்னு என்கிட்ட சொன்னாரு. நான் நர்ஸ்கிட்ட சொல்லல்ல. ஒரு வார்த்த சொல்லியிருந்தா உள்ள தூக்கிட்டுப் போயிருப்பாங்க. முக்கா மணி நேரம் டொக்டருக்குப் பத்தடி தள்ளி உக்காந்திருந்தாரு. ஃபோன்ல வரல்லன்னு ஒனக்குச் சொன்னதும் நான்தான்."

வெளியே யாரோ கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். விளக்குமாறு தரையில் உரசுகிற சத்தம் உள்ளே கேட்டது. டிலுக்ஷி கத்தினால் தேவலை என்று இருந்தது சிவநந்தினிக்கு.

"எப்ப தெரியும், அது எங்க அப்பான்னு?"

"கோர்ஸ் தொடங்கி ரெண்டாவது வாரம். அந்த அட்டை விழுந்தப்ப."

டிலுக்ஷி மெல்ல எண்ணினாள், விரல் விட்டு. ஜனவரியிலிருந்து செப்டெம்பர் வரைக்கும். எண்ணி முடித்துவிட்டுப் புதுத் தாள் ஒன்றை எடுத்தாள். மேலே சிவநந்தினியின் பெயரை எழுதினாள். நேராகப் பதிலுக்கு ஐந்து போட்டாள். எங்கே, எப்போது என்பதற்கு ஐந்து. பங்குக்கும் ஐந்து. குரல், பார்வை, அதற்கும் ஐந்து. மேசையை ஒருதரமும் பார்க்காமல்தான் சிவநந்தினி சொல்லியிருந்தாள். நாலாவது கட்டத்தில் பேனையை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

"அதுக்கப்புறம் என்னா செஞ்சேங்கிற கட்டம்," என்றாள். "அதுக்கு இன்னும் மார்க் இல்ல. பதினொரு மாசமா எங்க அம்மா எனக்குச் சோத்த அடுப்பு மேல வச்சிட்டு அந்தப் பக்கம் போயிருவாங்க. கையில தர மாட்டாங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சு வீட்டுக்கு வருவோம். நீ வந்து அம்மாகிட்ட சொல்லு. இத நீதான் சொல்லணும்."

தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, மேசைகளைப் பழைய இடத்தில் போட்டாள். ஒரு மேசையைச் சிவநந்தினி தூக்கப் போனாள். "விடு," என்றாள் டிலுக்ஷி. அறையைப் பூட்டித் திறப்பைக் கொடுக்கப் போனவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் பதினோரு மணி பஸ்ஸில் சிவநந்தினி எல்கடுவைப் பாதையில் ஏறினாள். வரும் வழியெல்லாம் இறங்கிவிடலாமா என்று பார்த்தாள். ஒவ்வொரு தரிப்பிலும் யாராவது இறங்கினார்கள், இவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்துத் தேயிலை ஸ்டோருக்குக் கீழே, பஸ்தியாம்பிள்ளை அந்த ஸ்டோரில் வேலை செய்த காலத்தில் கிடைத்த சின்ன வீடு. வாசலில் பூசைக்குப் போய் வந்த செருப்புகள் இரண்டு சோடி, ஒன்றுக்கொன்று எட்டத்தில் கிடந்தன.

டிலுக்ஷியின் அம்மா அருள்மணிக்கு இவளை ஏற்கெனவே தெரியும். மூன்று நான்கு தடவை வந்து சாப்பிட்டுப் போயிருக்கிறாள். "வா புள்ள, உக்காரு," என்று பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தார். டிலுக்ஷி அறை வாசலில் நின்றாள். அவளுக்கு ஊற்றியது அடுப்படிப் பலகையில் இருந்தது.

தேநீரைக் குடிக்கவில்லை. குடித்துவிட்டுச் சொன்னால் அது வேறு துரோகம். கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். நேற்றுச் சொன்னதையே அதே வரிசையில் சொன்னாள்: நேரம், நம்பர், அவர் சொன்னது, இவள் சொன்னது, சொல்லாமல் விட்டது, கம்ப்யூட்டரில் போட்டது, ஃபோனில் சொன்னது. தெரிந்த பிறகும் எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தது. "டிலுக்ஷியால அவர் சாகல்லம்மா. அவ சொன்ன வேலைய முடிச்சிட்டு டொக்டர் வாசலுக்கு வந்துட்டாரு. நான்தான் உள்ள அனுப்பல்ல" என்று முடித்தாள்.

அருள்மணி அழுவார் என்று நினைத்தாள். அடிப்பார் என்றும் நினைத்தாள். பஸ்ஸில் அதற்கெல்லாம் மனதைத் தயார் பண்ணிக்கொண்டுதான் வந்திருந்தாள். அந்த அம்மா சீலைத் தலைப்பைப் பிடித்தபடி சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மட்டும் சிவநந்தினி தயாராக இருக்கவில்லை.

"அவ்வளவு நேரம் உக்காந்திருந்தாரே. தண்ணி கேட்டாரா?"

இதை அவள் டிலுக்ஷியிடம் சொல்லவில்லை. மேனேஜரிடமும் சொல்லவில்லை. தனக்குத் தானே சொல்லிக்கொண்டதுமில்லை.

"கேட்டாரு."

"குடுத்தியா?"

"ஃபில்டர்கிட்டக் கப் முடிஞ்சிருந்துச்சு. கப் இல்லீங்கன்னு சொன்னேன்."

"ஒன்கிட்ட ஒன்னும் இருக்கல்லயா?"

"என் போத்தல் மேசையில இருந்துச்சு," என்றாள் சிவநந்தினி.

அருள்மணி தலையை ஆட்டினார், ஏதோ சின்ன விஷயம் ஒன்று சரியாகத் தெரிந்துவிட்டதுபோல. பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனார். பலகையில் ஆறிப்போய்க் கிடந்த கோப்பையை எடுத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஒன்று ஊற்றினார். சீனி போட்டுக் கலக்குகிற சத்தம் வெகு நேரம் கேட்டது. அதைக் கொண்டுவந்து டிலுக்ஷியின் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, கோப்பையை வைத்தார்.

"குடி," என்றார். "காலையிலயிருந்து ஒன்னும் திங்கல்ல நீ."

அந்தப் பிள்ளை அப்போதுதான் அழுதாள். கோப்பை ஆடிச் சூடான தேநீர் கையில் வழிந்தது, அவள் விடவில்லை. தாய் அந்தக் கையைத் தன் சீலையால் துடைத்தார். இரண்டு பேரும் சிவநந்தினியைப் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து வாசலுக்கு வந்து செருப்பைத் தேடினாள்.

படியில் இறங்கும்போது பின்னால் டிலுக்ஷி வந்தாள். கண் வீங்கியிருந்தது. கையில் நேற்றைய தாளும் பேனையும் இருந்தன. சுவரில் தாளை வைத்து நாலாவது கட்டத்தில் எழுதி இவளிடம் நீட்டினாள். மூன்று.

"காரணம் சொல்றேன்," என்றாள். "வந்து சொன்ன, அதுக்கு மார்க் உண்டு. தண்ணிய அம்மா கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்துச்சு."

சிவநந்தினி தாளை வாங்கிக்கொண்டாள். இருபத்தைந்துக்கு இருபத்திமூன்று. இந்தக் கேள்விக்கு இதுவரை இரண்டு பேரில் யாரும் அவ்வளவு வாங்கியதில்லை.

"நாளைக்கு அங்க இதே கேள்வியக் கேப்பாங்க," என்றாள் டிலுக்ஷி. "கட்டாயம் கேப்பாங்க. நான் வேற ஒன்னு யோசிச்சுக்கிறேன். நீ இதச் சொல்லாத. எங்க அப்பாவ வச்சு நீ வேலை வாங்கக் கூடாது. அந்த ஒன்பது மார்க் பதிலையே சொல்லு."

"சரி," என்றாள் சிவநந்தினி.

"பஸ்ல என் பக்கத்துல உக்காராத," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திங்கட்கிழமை சீகிரியாவில் கண்ணாடி அறையொன்றில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாலாவது கேள்வியாக அதுவே வந்தது. சிவநந்தினி மேசையைப் பார்த்தாள். ஒரு நாள் இரண்டு நோயாளிகளுக்கு ஒரே நம்பரைக் கொடுத்துவிட்டேன், மன்னிப்புக் கேட்டேன், சரியாகிவிட்டது என்று சொன்னாள். நடுவில் இருந்தவர், அது என்றைக்கு, அந்த இரண்டு பேர் யார் என்று கேட்டார். ஞாபகமில்லை என்றாள். அவர் தன் தாளில் எதையோ சிறியதாக எழுதினார். எவ்வளவு போட்டார் என்று அவளுக்குத் தெரியும்.